விரத நேரத்துக் காபி: பால், சர்க்கரை, நெய் சேர்த்தால் எது முறியும், எது முறியாது?

இரவு 8 மணிக்குச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு மறுநாள் பகல் 12 மணி வரை எதுவும் சாப்பிடாமல் இருப்பது 16:8 முறை. இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங் தொடங்கும் நம்மவர்களில் அதிகம் பேர் தேர்ந்தெடுப்பது இதைத்தான். முதல் வாரத்திலேயே ஒரு விஷயம் தெரிந்துவிடும்: காலை டிபனை விடுவதைவிடக் காலைக் காபியை விடுவதுதான் கஷ்டம். ஆறரை மணி காபியை என்ன செய்வது என்பதற்கு ஒரு முடிவு எடுக்காமல் இந்த முறையில் நிலைத்து நிற்க முடியாது.

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். எடைக்காகவோ சர்க்கரை, இன்சுலின் கட்டுப்பாட்டுக்காகவோ இருக்கும் விரதத்தை வெறும் கறுப்புக் காபி முறிக்காது. அதில் ஒரு டீஸ்பூன் பால் விழுந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. அரை டம்ளர் பால் முறிக்கும். சர்க்கரை, அளவு குறைவாக இருந்தாலும், முறிக்கும் பக்கத்தில்தான் சேரும். நெய்யும் தேங்காய் எண்ணெயும் இன்சுலினை அவ்வளவாக அசைக்காது, ஆனால் எடை குறைக்க நினைப்பவரின் கணக்கை அவைதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகக் கெடுக்கும். ஏன் என்பதுதான் இனி வருவது.

முறிவது எது?

விரதம் முறிந்ததா என்று கேட்பதற்கு முன், எதற்காக இருக்கிறோம் என்பது தெளிவாக வேண்டும். எடைக்காக என்றால் நாள் முழுவதும் உள்ளே போகும் மொத்தக் கலோரிதான் பேசும். சீனாவின் குவாங்சோவில் உடற்பருமன் உள்ள 139 பேரை ஓராண்டு கவனித்து 2022-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. எல்லோரும் கலோரியைக் குறைத்தார்கள். ஒரு பிரிவினர் மட்டும் காலை 8 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையில் சாப்பிட்டார்கள். அவர்களுக்கு எடை சராசரியாக 8 கிலோ குறைந்தது, மற்றவர்களுக்கு 6.3 கிலோ. இந்த வித்தியாசம் புள்ளியியல்படி பொருட்படுத்தத் தக்கதாக இல்லை. நேரக் கட்டுப்பாடு எடையைக் குறைப்பது பெரும்பாலும் சாப்பாட்டின் அளவைக் குறைத்துத்தான் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அப்படியானால் மூன்று கலோரிக் காபிக்காகக் கவலைப்பட ஒன்றுமில்லை. நூறு கலோரிக் காபி இரண்டு குடித்தால் கவலைப்பட வேண்டும்.

இன்சுலினுக்காக இருப்பவரின் கேள்வி வேறு. சாப்பாடு நின்று சில மணி நேரத்தில் இன்சுலின் இறங்கும், உடல் கல்லீரலில் சேர்த்துவைத்த கிளைகோஜன் என்ற சர்க்கரை இருப்பைச் செலவழிக்கும், அது குறையக் குறையக் கொழுப்பை எரிப்பது கூடும். நடுவில் மாவுச்சத்தோ புரதமோ போனால் இந்த இறக்கம் தடைபடும். அதனால் இவருக்குக் கலோரி எண்ணிக்கையைவிட அந்தக் கலோரி எதிலிருந்து வருகிறது என்பது முக்கியம்.

மூன்றாவது, செல்கள் தங்கள் பழுதான பாகங்களைத் தாங்களே உடைத்துப் பயன்படுத்தும் ஆட்டோஃபேஜி. இதை ஆராய்ந்த ஜப்பானிய விஞ்ஞானி யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் நோபல் பரிசு கிடைத்ததிலிருந்து இதற்காகவே விரதம் இருப்பவர்கள் இருக்கிறார்கள். எலிகளில் காபி ஆட்டோஃபேஜியைத் தூண்டியதை 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. காஃபீன் நீக்கிய காபியும் அதையே செய்தது. ஆனால் எலியின் கல்லீரலில் பார்த்ததை வைத்து, மனிதருக்கு 16 மணி நேரத்தில் இத்தனை சதவீதம் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். கறுப்புக் காபி இதைக் கெடுக்கும் என்று நினைக்கக் காரணமில்லை என்பது வரை சொல்லலாம், அதற்கு மேல் போகக் கூடாது.

இணையத்தில் சுற்றிவரும் '50 கலோரிக்குள் இருந்தால் விரதம் முறியாது' என்ற விதிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அது யாரோ வசதிக்காக வைத்த எல்லை, அளந்து கண்டுபிடித்தது அல்ல. 45 கலோரி நெய்யும் 45 கலோரி சர்க்கரையும் உடலுக்குள் ஒரே வேலையைச் செய்வதில்லை.

கறுப்புக் காபியில் என்ன இருக்கிறது

240 மில்லி கறுப்புக் காபியில் சுமார் 2 கலோரி, கால் கிராம் அளவுக்குப் புரதம், ஏறக்குறைய 95 மில்லிகிராம் காஃபீன். கொழுப்பும் மாவுச்சத்தும் கணக்கில் வராத அளவு. காஃபீன் அட்ரினலினைக் கொஞ்சம் உயர்த்துவதால் கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பு அமிலங்கள் ரத்தத்துக்கு வருவது கூடும். விரதத்தின் போக்கோடு சேர்ந்து போகும் விஷயம்தான் இது. பசியையும் கொஞ்ச நேரம் மட்டுப்படுத்தும்.

ஆனால் நம் ஊரில் 'கறுப்பு' என்ற நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. டீக்கடையில் கடுங்காப்பி கேட்டால் சர்க்கரை போட்டுத்தான் வரும். தென்மாவட்டங்களில் கருப்பட்டி போட்டு வரும். சுக்குக் காபியும் அப்படித்தான். 'சர்க்கரை வேண்டாம்' என்று தனியாகச் சொல்ல வேண்டும், முன்கூட்டியே கருப்பட்டி போட்டுக் கொதிக்க வைத்த பாத்திரத்திலிருந்து ஊற்றினால் அதை விட்டுவிட வேண்டும்.

அடுத்தது சிக்கரி. ஃபில்டர் காபிப் பொடிகளில் பல 80:20, 70:30, 60:40 என்று சிக்கரி கலந்தவை. பாக்கெட்டின் மேலேயே காபி இத்தனை, சிக்கரி இத்தனை என்று சதவீதம் அச்சிட்டிருக்கும். சிக்கரி ஒரு செடியின் வறுத்த வேர். அதிலிருந்து தண்ணீரில் இறங்குவதில் ஒரு பகுதி இனுலின் என்ற நார்ச்சத்து, ஒரு பகுதி சர்க்கரை. ஒரு டம்ளருக்கு 10 கிராம் 70:30 பொடி போட்டால் அதில் சிக்கரி 3 கிராம்தான். அது முழுவதும் கரைந்தாலும் பத்துக் கலோரியைத் தாண்டாது. எனவே சிக்கரி விரதத்தை முறிக்காது. ஆனாலும் விரதக் காபிக்குச் சிக்கரி இல்லாத பொடியே நல்லது என்று சொல்லக் காரணம் வேறு. பால் இல்லாமல் குடிக்கும்போது சிக்கரியின் கசப்பு முன்னால் வந்து நிற்கும், கை தானாகச் சர்க்கரை டப்பாவுக்குப் போகும்.

பால்: ஸ்பூனும் டம்ளரும்

டோன்டு பாலில் 3 சதவீதம் கொழுப்பு, 100 மில்லிக்கு ஏறக்குறைய 58 கலோரி. ஃபுல் கிரீமில் 6 சதவீதம் கொழுப்பு, 90 கலோரியை ஒட்டி வரும். இரண்டிலும் லாக்டோஸ் என்ற பால்சர்க்கரை 5 கிராமுக்குச் சற்றுக் குறைவு, புரதம் 3 கிராம் சுற்றி.

பாலில் கவனிக்க வேண்டியது கொழுப்பு அல்ல, இந்தப் பின்னிரண்டும்தான். பால் குடித்தால் ரத்தச் சர்க்கரை அதிகம் ஏறாது. அதைப் பார்த்து 'பால் ஒன்றும் செய்யவில்லை' என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் பாலில் உள்ள வே புரதம் கணையத்தை நேரடியாகவும், குடல் ஹார்மோன்கள் வழியாகவும் தூண்டும். அதனால் சர்க்கரை ஏற்றத்தை வைத்து எதிர்பார்ப்பதைவிட இன்சுலின் அதிகமாகவே சுரக்கும். கொழுப்பு நீக்கிய பாலுக்கு மாறினால் கலோரி குறையும், இந்த விளைவு குறையாது.

அளவுதான் இங்கே முடிவு செய்கிறது. ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி டோன்டு பாலில் 3 கலோரியும் கால் கிராம் லாக்டோஸும் இருக்கும். நிறம் மாறும் அளவுக்கு ஊற்றும் இந்தத் துளியால் விரதத்துக்குக் கேடில்லை. ஒரு டேபிள்ஸ்பூன் போனால் 9 கலோரி. எடைக்காக இருப்பவர் இதுவரை போகலாம், இன்சுலினுக்காக இருப்பவர் டீஸ்பூனோடு நின்றுகொள்ளலாம். இதைத் தாண்டி 30, 40 மில்லி என்று போனால் அது காபி அல்ல, சின்ன உணவு.

இதில் நடக்கும் தவறு ஒன்றுதான்: பாத்திரத்திலிருந்து நேராகச் சாய்ப்பது. 'கொஞ்சம்' என்று சாய்த்ததை ஒரு முறை அளந்து பாருங்கள், 25 மில்லிக்குக் குறையாது. ஸ்பூனில் எடுத்து ஊற்றுவதற்கு மாற்று இல்லை.

தாவரப் பால்களில் சர்க்கரை சேர்க்காத பாதாம் பால் லேசானது, 100 மில்லிக்கு 15 கலோரியை ஒட்டி வரும். ஓட்ஸ் பால் அப்படியல்ல. தயாரிக்கும்போதே ஓட்ஸின் மாவுச்சத்தை நொதிகள் சர்க்கரையாக உடைத்துவிடுவதால், 'சர்க்கரை சேர்க்கவில்லை' என்று எழுதியிருந்தாலும் அதில் சர்க்கரை இருக்கும். பால்பவுடர் போல வரும் கிரீமர்களிலும் 3-இன்-1 பொட்டலங்களிலும் சர்க்கரையும் குளுக்கோஸ் சிரப்பும் முதல் வரியிலேயே இருக்கும். விரத நேரத்தில் அவற்றுக்கு இடமே இல்லை.

சர்க்கரையில் சமரசம் வேண்டாம்

தலை தட்டிய ஒரு டீஸ்பூன் சர்க்கரை 4 கிராம், 16 கலோரி. நாம் குவித்து அள்ளுவது 6 கிராமை எட்டும். எண்ணிக்கையில் சின்னதாகத் தெரிந்தாலும் வெறும் வயிற்றில், வேறு எதுவும் துணைக்கு இல்லாமல், நீரில் கரைந்து போகும் சர்க்கரை இது. சீக்கிரம் ரத்தத்தில் சேரும், இன்சுலினும் கூடவே எழும். அது இறங்கும்போது சிலருக்கு 10 மணி வாக்கில் பசி கிளம்பும். 'கறுப்புக் காபி குடித்தும் பசி தாங்கவில்லை' என்பவர்களின் டம்ளரில் பெரும்பாலும் அரை ஸ்பூன் சர்க்கரை இருக்கிறது.

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, பனங்கற்கண்டு, தேன் எதுவானாலும் இந்த இடத்தில் வேறுபாடு கிடையாது. தாதுக்கள் சிறிது கூடுதல் என்பது உண்மை, ஆனால் அவற்றின் பெரும்பகுதியும் சர்க்கரைதான். ஒரு டீஸ்பூன் தேன் கனமாக இருப்பதால் 20 கலோரியைத் தாண்டும்.

கலோரி இல்லாத இனிப்புகளில் ஸ்டீவியா, சுக்ரலோஸ் இரண்டும் எடைக் கணக்கைத் தொடாது. இன்சுலினில் அவற்றின் விளைவு பற்றிய ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல இல்லை. வாங்குவதாக இருந்தால் சொட்டு மருந்து போல வரும் திரவமோ சின்ன மாத்திரையோ மேல், ஏனென்றால் பொடி வகைகளில் அளவு நிரப்ப மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்தைச் சேர்ப்பதுண்டு.

நெய்க் காபி, தேங்காய் எண்ணெய்க் காபி

அமெரிக்காவில் டேவ் ஆஸ்ப்ரே பரப்பிய வெண்ணெய்க் காபி இங்கே நெய்க் காபியாக வந்து சேர்ந்தது. 'கொழுப்பு இன்சுலினைத் தூண்டாது, எனவே விரதம் முறியாது' என்பது அதன் வாதம். முதல் பாதி ஏறக்குறைய சரி. இரண்டாம் பாதிதான் ஆளைப் பொறுத்தது.

ஒரு டீஸ்பூன் நெய் 45 கலோரி, ஒரு டேபிள்ஸ்பூன் தேங்காய் எண்ணெய் 120 கலோரி. இரண்டும் சேர்ந்த காபி 165 கலோரி, அதாவது மூன்று இட்லி அளவு. அதில் புரதமும் இல்லை, நாரும் இல்லை. உடலில் இருக்கும் கொழுப்பை எரிக்கத்தான் விரதம் என்றால், அதன் முன்னால் எரிக்க வேறு கொழுப்பைக் கொண்டுபோய் வைக்கிறோம்.

கொழுப்பு எரியும்போது கல்லீரல் உண்டாக்கும் கீட்டோனை அளக்கும் மீட்டர் வைத்திருப்பவர்கள் ஏமாறுவதும் இங்கேதான். 8, 10 கார்பன் நீளமுள்ள நடுத்தரக் கொழுப்பு அமிலங்கள் குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போய் வேகமாகக் கீட்டோனாக மாறும். எம்.சி.டி. எண்ணெய் என்று விற்பது இவற்றைத்தான். குடித்து ஒரு மணி நேரத்தில் மீட்டரில் எண் ஏறும், 'கொழுப்பு எரிகிறது' என்று மனசு குளிரும். எரிவது இப்போது குடித்த எண்ணெய், இடுப்பில் இருப்பது அல்ல. சாதாரணத் தேங்காய் எண்ணெயில் இந்த வகை ஏழில் ஒரு பங்கு அளவுதான். பாதியளவுக்கு இருப்பது 12 கார்பன் நீளமுள்ள லாரிக் அமிலம், அது இவ்வளவு வேகமாகக் கீட்டோனாவதில்லை.

கொழுப்பு குடலுக்குள் போனதும் பித்தப்பை சுருங்கிப் பித்தத்தை ஊற்றும். எனவே குடலுக்கு ஓய்வு கொடுக்க விரதம் இருப்பவருக்கு நெய்க் காபி நிச்சயமாக முறிவு. எம்.சி.டி. எண்ணெயை முதல் நாளே ஒரு டேபிள்ஸ்பூன் ஊற்றியவருக்கு வயிற்றுப்போக்கு வருவதும் சகஜம். ஒரு டீஸ்பூனில் தொடங்கித்தான் கூட்ட வேண்டும்.

இது யாருக்குப் பொருந்தும் என்றால், எடைக்காக இல்லாமல் கீட்டோ உணவுமுறையில் இருப்பவருக்கு, காலை டிபனுக்குப் பதிலாக. அப்போதும் அதைச் சாப்பாடாகவே எண்ணிக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஒருவரின் காலையை எடுத்துக்கொள்வோம்

இரவு 8 மணிக்குச் சாப்பிட்டு முடிக்கிறார். காலை 6.30-க்கு வீட்டில் ஒரு டம்ளர் ஃபில்டர் காபி: டோன்டு பால் 100 மில்லி, சர்க்கரை இரண்டு ஸ்பூன், 10 கிராம். 58-ம் 40-ம் சேர்ந்து சுமார் 100 கலோரி. 11 மணிக்கு ஆபீசில் சின்னக் கப், 75 கலோரி. 12 மணிக்குச் சாப்பாடு. '16 மணி நேரம் இருக்கிறேன், எடை இறங்கவில்லை' என்கிறார். அவர் உண்மையில் இருந்தது இரவு 8-லிருந்து காலை 6.30 வரை, பத்தரை மணி நேரம். விரதம் தொடங்குவதற்கு முன்பும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் இருந்திருப்பார். கூடவே தினம் 175 கலோரி, மாதம் 5,000-க்கு மேல்.

அவருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. இரண்டையும் கறுப்பாக்கினால் 16 மணி நேரமும் நிற்கும், கலோரி ஐந்தைத் தாண்டாது. இது நேர்வழி, ஆனால் பால் காபியில் வளர்ந்த நாக்கு இதற்குப் பழகப் பத்து நாளாவது ஆகும்.

இரண்டாவது, காலை 6.30 காபியை மட்டும் கறுப்பாக்கி, 11 மணிப் பால் காபியோடு சாப்பிடும் நேரத்தைத் தொடங்குவது. அப்போது இரவுச் சாப்பாடு 7 மணிக்கு முடிய வேண்டும். 16 மணி நேரக் கணக்கு அப்படியே நிற்கும், பால் காபியும் கையில் இருக்கும். இந்த வழியில்தான் ஆட்கள் மாதக்கணக்கில் நிலைக்கிறார்கள், இதையே முதலில் பரிந்துரைக்கலாம்.

மூன்றாவது, காலைப் பால் காபியை விடவே முடியாது என்பவருக்கு. அவர் 16:8-ஐ விட்டுவிட்டு 14:10-க்கு வரட்டும்: காலை 8.30-க்குப் பால் காபி, மாலை 6.30-க்குள் கடைசிச் சாப்பாடு, சர்க்கரையைப் பாதியாக்கி. பெயரளவில் 16 மணி நேரம் இருந்து நடுவில் இரண்டு முறை முறிப்பதைவிட ஒழுங்கான 14 மணி நேரம் மேல்.

எந்த வழியானாலும், முதல் உணவுக்கு அரை மணி முன்னால் திடமான கறுப்புக் காபி குடிக்கும் பழக்கம் வேண்டாம். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் 2020-இல், தூக்கம் கெட்ட இரவுக்குப் பிறகு காலையில் முதலில் திடமான கறுப்புக் காபியும் பிறகு சர்க்கரைப் பானமும் கொடுத்துப் பார்த்தார்கள். காபி இல்லாமல் குடித்ததைவிட ரத்தச் சர்க்கரை ஏற்றம் சுமார் 50 சதவீதம் கூடுதலாக இருந்தது. பொங்கலோடு விரதம் முடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். காபிக்கும் சாப்பாட்டுக்கும் ஓரிரு மணி நேரம் விட்டு, முட்டை, சுண்டல், காய் என்று தொடங்கி, சோற்றுக்குப் பிறகு வரலாம்.

கறுப்புக் காபியைக் குடிக்கும்படி போடுவது

பால் காபிக்கு இறக்கும் கெட்டி டிகாஷனில் வெந்நீர் ஊற்றினால் மருந்து போலத்தான் இருக்கும். சிக்கரி இல்லாத பொடி, நடுத்தர வறுவல் கேட்டு வாங்குங்கள். சிக்கரி இல்லாததால் தண்ணீர் ஃபில்டரில் வேகமாக இறங்கும், எனவே மேல்தட்டை வழக்கத்தைவிடச் சற்று அழுத்தி வையுங்கள். கொதித்த தண்ணீரை அரை நிமிடம் ஆறவிட்டு ஊற்றினால் கசப்பு குறையும். 25 மில்லி டிகாஷனுக்கு 120 மில்லி வெந்நீர் சரியாக இருக்கும். இன்னும் கசந்தால் இரண்டு கல் உப்பு போடுங்கள், உப்புச் சுவை தெரியாது, கசப்பு அடங்கும். நேற்றைய டிகாஷனைச் சூடாக்கிக் குடித்துவிட்டுக் கறுப்புக் காபியே பிடிக்கவில்லை என்று சொல்ல வேண்டாம்.

இரண்டு, மூன்று கப் போதும். ஆரோக்கியமான பெரியவருக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் காஃபீன் வரை பரவாயில்லை என்பார்கள், கர்ப்பிணிகளுக்கு 200. உடலில் பாதி கழியவே ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால் மாலைக் காபி இரவுத் தூக்கத்தில் கை வைக்கும்.

இவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும்

இன்சுலின் போடுபவர்களும் கிளிமெபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் டாக்டரிடம் அளவை மாற்றிக் கேட்காமல் விரதம் தொடங்கக் கூடாது. சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பும் கை நடுக்கமும் காபி கூடிப்போனால் வருவதும் ஒன்றுபோலவே இருக்கும். 'காபிதான்' என்று விட்டுவிடாமல் உடனே விரலில் குத்திச் சர்க்கரை அளவைப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் விரதம் அங்கேயே முடிந்தது, சர்க்கரையைக் கரைத்துக் குடிக்க வேண்டும். மற்றபடி குளுக்கோமீட்டரை வைத்து எந்தக் காபி விரதத்தை முறிக்கிறது என்று சோதிப்பவர்கள், 100-க்குக் கீழே அந்தக் கருவிக்கே 15 புள்ளி வரை பிழை அனுமதி உண்டு என்பதையும், அது இன்சுலினைக் காட்டாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 88 என்பது 94 ஆனதில் ஒரு சேதியும் இல்லை.

நெஞ்செரிச்சல், அல்சர் உள்ளவர்களுக்கு வெறும் வயிற்றுக் காபியே ஒத்துவராது. அவர்கள் காபியைச் சாப்பாட்டுக்குப் பிறகு நகர்த்திக்கொள்ளலாம். தைராய்டு மாத்திரை போடுபவர்கள் அதைத் தண்ணீரோடு விழுங்கி ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி குடிக்க வேண்டும், கறுப்பானாலும் சரி. இல்லாவிட்டால் மருந்து உடலில் சரியாகச் சேராது. ரத்தப் பரிசோதனைக்கு 'வெறும் வயிற்றில் வாருங்கள்' என்று சொல்லியிருந்தால் தண்ணீர் மட்டும்தான். காஃபீன் சர்க்கரை அளவை மாற்றக்கூடும் என்பதால் கறுப்புக் காபிக்கும் அங்கே அனுமதி இல்லை. குடித்துவிட்டால் ரத்தம் எடுப்பவரிடம் சொல்லிவிட்டு, வேறொரு நாள் காலை போய்க்கொள்ளலாம்.